எச்பிஏ1சி 5.1 இருந்தும் கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வி: எனக்கு இப்போது 27 வாரம். பத்தாவது வாரத்தில் எச்பிஏ1சி 5.5 இருந்தது. போன வாரம் எடுத்ததில் 5.1. குறைந்துதானே இருக்கிறது? ஆனால் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள்: 4.8, 10.6, 8.1. இதை வைத்துக் கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.2க்கு இறங்கியதால் 18ஆவது வாரத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை. "மூணு மாச சராசரியே 5.1ன்னா உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்கிறார். எதை நம்புவது? விரலில் குத்திப் பார்ப்பது அவசியம்தானா?

பதில்:

10.6ஐ நம்புங்கள். உங்கள் அப்பா சொல்வது அவர் உடம்புக்குச் சரி. பலதுறை மருந்தகத்தில் அவருக்கு வருடக்கணக்கில் பார்த்துவரும் அதே எண், கர்ப்பிணியின் ரத்தத்தில் வேறு அர்த்தம் கொள்கிறது. உங்களுக்கு 5.5 என்பது 5.1 ஆனதில் சர்க்கரைக்குப் பங்கே இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை உறுதியாக ஒட்டிவிட்டால் அந்த அணு சாகும்வரை பிரிவதில்லை. மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு இப்படிச் சர்க்கரை ஒட்டியது என்பதுதான் எச்பிஏ1சி. ஆக, அதைத் தீர்மானிப்பவை இரண்டு: ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது, அந்தச் சர்க்கரையில் அணு எத்தனை நாள் ஊறியது. சாதாரணமாக ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். எல்லாருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால்தான் இரண்டாவது விஷயத்தை மறந்துவிட்டு, எண்ணை நேராகச் சர்க்கரையின் கணக்காகப் படிக்க முடியும். "மூன்று மாத சராசரி" என்ற பேச்சு இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

கர்ப்பத்தில் இந்த அனுமானம் உடைந்துபோகிறது. பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஆக்சிஜன் கொண்டுசேர்க்க எலும்பு மஜ்ஜை வேகமாகப் புது அணுக்களை உற்பத்தி செய்கிறது. பிரசவம் நெருங்குவதற்குள் சிவப்பணுக்களின் மொத்த அளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடிவிடும். அணுவின் ஆயுளும் 90 நாள் அளவுக்குக் குறைகிறது. அதனால் எந்த நாளில் ரத்தம் எடுத்தாலும் அதில் இளம் அணுக்கள் அதிகம். சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நேரம் போதவில்லை. இதோடு, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். 2004இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, நீரிழிவு இல்லாத பெண்களில் எச்பிஏ1சியின் இயல்பான மேல் எல்லையைக் கணக்கிட்டது. கர்ப்பமில்லாதவர்களுக்கு அது 6.3, ஆரம்ப கர்ப்பத்தில் 5.7, கடைசி மாதங்களில் 5.6. யாரும் உணவைக் குறைக்கவில்லை, மருந்தும் எடுக்கவில்லை. அளவுகோலே கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவதால் எச்பிஏ1சி குறைகிறது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த விளக்கத்தில் ஒப்புதல் இல்லை. ரத்தத்தில் நீர் கூடினால் ஹீமோகுளோபின் 12லிருந்து 10.5க்கு இறங்கும், சரி. ஆனால் எச்பிஏ1சி ஒரு விகிதம். சர்க்கரை ஒட்டியதும் ஒட்டாததும் ஒன்றாகத்தான் நீர்க்கும், விகிதம் மாறாது. காரணம் அணுக்களின் வயதுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அதுதான் இரும்புச்சத்து. இரும்பு போதாதபோது புது அணுக்கள் உற்பத்தியாவது மந்தமாகும். ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் பழைய அணுக்கள், சர்க்கரையில் நிறைய நாள் ஊறியவை. அதனால் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டும். மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரத்தில் நிலைமை தலைகீழாகிறது. புது அணுக்கள் திரளாக இறங்கும்போது, சர்க்கரை கொஞ்சமும் மாறாமலேயே எச்பிஏ1சி இறங்கும். உங்கள் கதையை இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தாவது வாரத்தில் 5.5, அப்போதே இரும்பு குறையத் தொடங்கியிருந்தால் அதில் ஒரு பகுதி பொய்யான உயர்வு. 18ஆவது வாரத்தில் மாத்திரை. 27ஆவது வாரத்தில் 5.1. கர்ப்பத்தால் வந்த இளம் அணுக்கள் ஒரு பக்கம், மாத்திரையால் வந்த இளம் அணுக்கள் இன்னொரு பக்கம், இரண்டுமே எண்ணைக் கீழே இழுத்திருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, மாத்திரையை விட்டுவிட்டு 36ஆவது வாரத்தில் மறுபடி எடுத்தால், சர்க்கரை அப்படியே இருந்தும் 5.5க்கு ஏறியிருக்கக்கூடும். எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கூடவே, கர்ப்பம் உறுதியானதும் எடுத்த ரத்தச் சோதனையில் தாலசீமியா கூறு உள்ளவர் என்றோ ஹீமோகுளோபின் ஈ போன்ற வகை இருக்கிறதென்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தென்கிழக்காசியாவில் இவை அரிதல்ல, நம் குடும்பங்களிலும் உண்டு. இவற்றால் அணுவின் ஆயுள் மாறலாம், சில கருவிகளின் அளவீடும் குழம்பலாம். அப்படி இருந்தால் எச்பிஏ1சியைக் கர்ப்பத்துக்கு வெளியிலும் யோசித்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவும் அணுக்களின் பிரச்சினை. சரி, அணுக்கள் ஒழுங்காகவே இருந்தன என்று வைத்துக்கொண்டாலும் சராசரிக்கென்று ஒரு குறை இருக்கிறது. அதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பெண்ணுக்கு நாளில் 18 மணி நேரம் சர்க்கரை 4.8. மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம், ஆக 6 மணி நேரம், 8.5. நாள் சராசரி 5.7 வருகிறது. கர்ப்பமில்லாதவர்களிடமிருந்து உருவாக்கிய வழக்கமான சூத்திரத்தில், சராசரிச் சர்க்கரையோடு 2.59ஐக் கூட்டி 1.59ஆல் வகுத்தால் எச்பிஏ1சி கிடைக்கும். போட்டுப் பாருங்கள், 5.2. இனி நாள் முழுக்க ஏற்ற இறக்கமே இல்லாமல் 5.7இல் நிற்கும் இன்னொரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அதே 5.2தான். மாத மழையளவைப் பார்த்து, எந்த மதியம் சாலையில் வெள்ளம் நின்றது என்று சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி. உண்மையில் நீரிழிவில்லாத கர்ப்பிணியின் நாள் சராசரியே 4.9 அளவில்தான் இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் அவர்கள் சராசரியாக 6.0ஐத் தொடுகிறார்கள். இந்த இரண்டு பெண்களின் சராசரியும் அந்த 4.9க்கு மேலே இருக்கிறது. எச்பிஏ1சியோ இருவரையும் "நல்லது" என்று அனுப்பிவைக்கும்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்த ஏற்றம் முக்கியம். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்துபோகும், இன்சுலின் போகாது. அதனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிள்ளையின் கணையமே இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. அந்த இன்சுலின்தான் பிள்ளைக்குக் கொழுப்பைச் சேர்த்துப் பெரிதாக்குகிறது. பிறந்தவுடன் தாயின் குளுக்கோஸ் நின்றுபோக, இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் இதனால்தான். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குவது ஆறாவது மாதத்தை ஒட்டி வலுக்கிறது. அப்போதிலிருந்து பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாரம் சொச்சம்தான் மிச்சம். பல வாரம் பழைய கதையைச் சேர்த்துச் சொல்லும் சோதனையை நம்பிக் காத்திருந்தால், முடிவு வரும்போது பிள்ளையும் வந்துவிடும்.

அதனால்தான் சிங்கப்பூரில் 24 முதல் 28 வாரத்துக்குள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கர்ப்பகால நீரிழிவு இருப்பது தெரியவருகிறது, ஆகவே நீங்கள் தனியாள் இல்லை. இரவு பட்டினி கிடந்து, காலையில் ஒரு முறை ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த பானத்தை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, குடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். எல்லைகள் முறையே லிட்டருக்கு 5.1, 10.0, 8.5 மில்லிமோல். மூன்றில் ஒன்று எல்லையைத் தொட்டாலே போதும். உங்கள் 4.8உம் 8.1உம் எல்லைக்குள். 10.6 எல்லைக்கு மேல். அதுவே போதுமான காரணம்.

"ஒன்றுதானே கூடியது, அதுவும் கொஞ்சம்தானே" என்று தோன்றும். இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அந்த எண்ணம் மாறும். ஹாப்போ என்று அழைக்கப்படும் பெரிய ஆய்வு ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டது. சிங்கப்பூரும் அதில் ஒரு மையம். அதில் தெரியவந்தது, சர்க்கரை கூடக்கூடப் பிள்ளை பெரிதாவது போன்ற விளைவுகளும் படிப்படியாகக் கூடுகின்றன, திடீரென்று ஒரு இடத்தில் தொடங்குவதில்லை என்பது. எங்கேயாவது கோடு போட வேண்டும் என்பதற்காக, சராசரிச் சர்க்கரை உள்ள பெண்ணோடு ஒப்பிட்டால் ஆபத்து 1.75 மடங்காகும் இடத்தில் வல்லுநர்கள் கோடு போட்டார்கள். மூன்று நேரங்களும் மூன்று தனித்தனிக் கோடுகள். அதனால்தான் ஒன்று தாண்டினாலும் கணக்கில் வருகிறது. அதே ஆய்வில் எச்பிஏ1சியையும் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் எடையோடு அதற்கிருந்த தொடர்பு, குளுக்கோஸ் அளவுகளுக்கு இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருந்தது.

இந்தச் சோதனையும் பிழையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். பயந்துபோய் இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே சோற்றை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவுச்சத்தே இல்லாமல் பழகிய உடம்பு, திடீரென 75 கிராம் குளுக்கோஸ் வந்தால் தடுமாறி உயர்வாகக் காட்டும். நல்லது என்று நினைத்துச் செய்தது எதிராகப் போய்விடும். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இடையில் வாந்தி எடுத்தால் அந்த நாள் சோதனை செல்லாது, தாதியிடம் சொல்லிவிடுங்கள். சோதனைக் குழாயில் எடுத்த ரத்தத்தை நேரத்துக்குப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேயிருக்கும். மணிக்கு ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் குறையும். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் இந்தப் பிழை எண்ணைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டாது. ஆகவே உங்கள் 10.6 அதனால் வந்ததல்ல.

சென்னையில் இருக்கும் உறவினர் யாராவது "இங்கே பட்டினி இல்லாமல் ஒரே ஒரு ரத்தம்தான் எடுத்தார்கள், 140க்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள்" என்று சொல்லலாம். அங்கே வழக்கத்தில் இருக்கும் முறை வேறு, அலகும் வேறு. அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும். 140 என்பது 7.8. இரண்டு முறைகளின் எல்லைகளையும் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது விரலில் குத்தும் விஷயம். ஆமாம், அவசியம்தான். சோதனை உங்களுக்குப் பெயர் மட்டும்தான் கொடுத்தது. எந்தச் சாப்பாடு உங்களை ஏற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. இங்குள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலும் வாரத்தில் ஓரிரு நாள் ஏழு முறை பார்க்கச் சொல்வார்கள்: மூன்று வேளைக்கும் முன்னும் பின்னும், அப்புறம் படுக்குமுன். பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு, வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குக் கீழ் அல்லது இரண்டு மணி நேரத்தில் 6.7க்குக் கீழ். உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் எண்கள் சற்று மாறியிருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள். நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணாதீர்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணம். செவ்வாய் காலை வெறும் வயிற்றில் 4.9. மூன்று தோசை, சாம்பார், ஒரு தே தாரிக். ஒரு மணி நேரம் கழித்து 9.1. மதியம் சோறு, மீன் குழம்பு, கீரை, 7.3. இரவு சப்பாத்தி, பருப்பு, 7.0. இந்தத் தாளைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று உடனே தெரிகிறது. காலையில் இன்சுலின் மந்தம் அதிகம், அதன் மேல் மாவும் சீனியும் சேர்ந்து வருகின்றன. அடுத்த வாரம் அதே காலையில் ஒரு தோசை, இரண்டு முட்டை, சீனியும் கட்டிப்பாலும் இல்லாத கோப்பி கோசோங் என்று மாற்றிப் பார்க்கிறீர்கள், 7.2. மதியச் சோற்றில் கை வைக்கவே வேண்டியதில்லை. நாள் சராசரி மட்டும் கையில் இருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள், தேவையில்லாமல் எல்லா வேளையும் பட்டினி கிடந்திருப்பீர்கள். இதற்கு மாறாக, உணவை எவ்வளவு திருத்தியும் வெறும் வயிற்று எண் 5.5, 5.6 என்று நின்றால் அது இரவில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரை. சாப்பாட்டால் அதை முழுதும் அடக்குவது கடினம். மருத்துவர் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் பற்றிப் பேசுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கருவியின் பிழையையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேசத் தரம், குறைந்த அளவுகளில் ஆய்வுக்கூட எண்ணிலிருந்து 0.8 வரையும், உயர்ந்த அளவுகளில் 15 விழுக்காடு வரையும் விலக அனுமதிக்கிறது. ஆகவே 5.2க்கும் 5.4க்கும் நடுவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வேளையில் திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று பாருங்கள். எதிர்பாராமல் 10, 11 என்று வந்தால் முதலில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த துளி உங்கள் ரத்தத்தையும் மாம்பழத்தையும் சேர்த்துத்தான் அளக்கும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சாப்பிட்டதும் ஏறும்போது சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தக் கையின் மேல் சாய்ந்து தூங்கினால் பொய்யாகத் தாழ்வாகவும் காட்டும். கர்ப்பத்துக்கு முன்பே முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு அதன் பலன் நன்கு நிறுவப்பட்டது. நாளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் 3.5க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கான இலக்கு. உங்கள் நிலைக்கு விரல் குத்தலே போதும் என்பது என் கருத்து. விரும்பினால் இரண்டு வாரத்துக்கு ஒன்று ஒட்டிப் பார்த்து, எந்த உணவு என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ளலாம், விலைக்கு அது மோசமில்லை.

அப்படியானால் பத்தாவது வாரத்தில் எச்பிஏ1சி எதற்கு எடுத்தார்கள்? கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் நீரிழிவு இருந்ததா என்று பார்க்க. ஆரம்பத்தில் 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் அது கர்ப்பகால நீரிழிவு அல்ல, முன்பே இருந்த நீரிழிவு. பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் சர்க்கரை உயர்ந்திருந்தது என்று அர்த்தம், கவனிப்பும் வேறு. அந்த வேலைக்கு அது இன்றும் பயன்படுகிறது. கர்ப்பத்தில் உயர்ந்து வந்த எச்பிஏ1சியைப் பொருட்படுத்த வேண்டும். தாழ்ந்து வந்ததைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. உங்கள் 5.5 அன்று சொன்னது "முன்பே நீரிழிவு இருந்ததாகத் தெரியவில்லை" என்பதை மட்டும்தான். 27ஆவது வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பிரசவத்துக்குப் பிறகும் இதே குழப்பம் திரும்பி வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி அந்த 75 கிராம் சோதனைக்கு அழைப்பார்கள். அப்போதும் "எச்பிஏ1சி ஒன்று எடுத்துவிட்டால் பட்டினி மிச்சம்" என்று வீட்டில் சொல்லக்கூடும். பிரசவத்தில் போன ரத்தமும், அதை ஈடுகட்ட வந்த புது அணுக்களும், தொடர்கிற இரும்பு மாத்திரையும் அந்த எண்ணை அப்போதும் நம்பமுடியாததாக்கும். கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் போய் வாருங்கள். அன்றைக்கு எல்லைகள் கர்ப்பமில்லாதவர்களுடையவை: வெறும் வயிற்றில் 7.0 அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1 என்றால் நீரிழிவு. இரண்டு மணி எண் 7.8க்கும் 11.0க்கும் நடுவே என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. அதன் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கச் சொல்வார்கள். அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பி, ரத்தசோகையும் தீர்ந்த பிறகு வரும் அந்தச் சோதனைகளில் எச்பிஏ1சி எடுத்தால் அப்பாவுடைய எண்ணைப் போலவே அதையும் படிக்கலாம்.